சபை அமர்வுக் காணொளியைச் சுருக்கி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை அமர்வுகள் பல இப்போது நேரலையாகவே வருகின்றன. அவற்றைப் பார்த்து ஊருக்குச் சுருக்கமாக எழுத விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். பாராளுமன்றத்தில் வேறுபடும் இடங்கள் பின்னால் வரும்.

நாலு மணித்தியால வீடியோவை முழுக்கப் பாக்கத்தான் வேணுமோ?

முழுவதையும் பார்க்க வேண்டும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. உரைகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கலாம். பிரேரணை வாசிக்கப்படும் இடமும் வாக்கெடுப்பு நடக்கும் இடமும் வந்தால் சாதாரண வேகத்துக்குத் திரும்பி, தேவையானால் இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டும். ஒரு முடிவு முப்பது வினாடிக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் நடந்த விவாதம் ஒரு மணித்தியாலம் ஓடியிருக்கும்.

நடுவில் தாண்டிப் போவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. காலையில் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவைத்த விடயம், மதியம் எல்லோரும் எழும்பும் நேரத்தில் ஓசையில்லாமல் நிறைவேறுவது வழக்கம். கடைசி இருபது நிமிடத்தை மட்டும் ஒருபோதும் தாண்டாதீர்கள்.

முதலில எதைக் கையில எடுக்கிறது? உடனே எழுதத் தொடங்கலாமோ?

நிகழ்ச்சி நிரலும் உறுப்பினர் பட்டியலும் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். நிரல் கிடைக்காவிட்டால், அமர்வின் தொடக்கத்தில் தவிசாளர் அல்லது செயலாளர் வாசிப்பதைக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உறுப்பினர் பட்டியலில் பெயர், கட்சி அல்லது சுயேச்சைக் குழு, வட்டார உறுப்பினரா பட்டியல் உறுப்பினரா என்ற மூன்றும் இருந்தால் போதும். வரவு எடுக்கும்போது யார் இருக்கிறார்கள் என்று அதிலேயே குறித்துவிடுங்கள். இந்த எண் பிறகு வாக்குக் கணக்கைச் சரிபார்க்க உதவும்.

முதல் தடவை கேட்கும்போது வசனம் எழுத வேண்டாம். நேரம், பேசுகிறவர், எந்த விடயம் என்று மட்டும் குறியுங்கள். இரண்டாம் தடவை முடிவுகளிடம் மட்டும் போங்கள். முடிவு எது என்று தெரிந்த பிறகு, அதிலிருந்து பின்னோக்கி வந்து, அந்த முடிவைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று தேடுங்கள். முன்னாலிருந்து எழுதிக்கொண்டு வந்தால் சத்தமாகக் கதைத்தவருக்குத்தான் அதிக இடம் போகும். தீர்மானம் கடைசி வரியில் ஒளிந்துகொள்ளும்.

தவிசாளர் "கவனத்தில் எடுக்கிறம், செய்து தாறம்" எண்டு சொன்னா அது தீர்மானம்தானே?

இல்லை. அது வாக்குறுதி. தீர்மானம் என்று எழுத மூன்று விடயங்கள் காணொளியில் இருக்க வேண்டும்: ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், தலைமை தாங்கியவர் அதைச் சபைக்கு விட்டு நிறைவேறியது அல்லது தோற்றது என்று அறிவித்தார். உபகுழுவின் சிபாரிசைச் சபை ஏற்பதும் இதே வழியில்தான் நடக்கும்.

வாக்குறுதிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. "வடிகாலை மழைக்கு முன் துப்புரவாக்குவதாகத் தவிசாளர் கூறினார்" என்பது ஊருக்கு வேண்டிய செய்திதான். அதைத் தனித் தலைப்பில், "சபையில் கூறப்பட்டவை" என்று போடுங்கள். இரண்டையும் கலந்தால், மூன்று மாதம் கழித்து ஒருவர் அந்தத் தீர்மானத்தின் பிரதியைக் கேட்டு அலுவலகத்துக்குப் போவார். அப்படி ஒன்று அங்கே இருக்காது.

திருத்தம் எண்டு ஒண்டு கொண்டு வந்தவை. பிறகு வாக்கெடுப்பு. எதுக்கு வாக்குப் போட்டவை எண்டே விளங்கேல்லை. எப்பிடி எழுதிறது?

பெரும்பாலான பிழைச் சுருக்கங்கள் பிறப்பது இந்த இடத்தில்தான், ஆகவே ஒரு மாதிரி அமர்வை எடுத்துச் சற்று விரிவாகப் பார்ப்போம். 25 உறுப்பினர் கொண்ட ஒரு பிரதேச சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவில் 23 பேர். காணொளியில் 1:42:10 இல் ஒரு பிரேரணை வருகிறது: சந்தைக் கடைகளை இப்போது நடத்துகிறவர்களுக்கே இன்னும் ஓராண்டு குத்தகை நீடிப்பது. 1:58:30 இல் இன்னொருவர் திருத்தம் முன்மொழிகிறார்: ஓராண்டு அல்ல, ஆறு மாதம், அதற்குள் திறந்த கேள்வி கோர வேண்டும். 2:21:05 இல் வாக்கெடுப்பு. 12 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு, ஒருவர் நடுநிலை. 2:26:40 இல் தவிசாளர் "திருத்தத்தோட பிரேரணையை ஏற்கிறமா?" என்று கேட்கிறார். யாரும் மறுக்கவில்லை. அடுத்த விடயத்துக்குப் போகிறார்.

இதைக் கேட்டுவிட்டுப் பலர் எழுதுவது: "சந்தைக் கடைக் குத்தகை நீடிப்பு 12–9 என நிறைவேறியது." இப்போது அந்த 9 பேரைப் பாருங்கள். வாசிக்கிறவருக்கு அவர்கள் கடைக்காரருக்கு நீடிப்புக் கொடுக்கக் கூடாது என்று நின்றவர்களாகத் தெரிவார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. அவர்கள் முழு ஓராண்டு கேட்டு, அதைக் குறைத்த திருத்தத்தைத்தான் எதிர்த்தார்கள். ஒரே ஒரு சொல் விடுபட்டதால் ஒன்பது பேரின் நிலைப்பாடு தலைகீழாகிவிட்டது. சரியாக எழுதினால் இப்படி வரும்:

"சந்தைக் கடைகளின் குத்தகை ஆறு மாதம் நீடிக்கப்படும், அதற்குள் திறந்த கேள்வி கோரப்படும். மூலப் பிரேரணை ஓராண்டு என இருந்தது. ஆறு மாதமாகக் குறைக்கும் திருத்தம் 12 ஆதரவு, 9 எதிர்ப்பு, 1 நடுநிலை என நிறைவேறியது (2:21:05). திருத்தப்பட்ட பிரேரணை வாக்கெடுப்பின்றி ஏற்கப்பட்டது (2:26:40)."

திருத்தம் வந்தால் முதலில் திருத்தம், பிறகு திருத்தப்பட்ட அல்லது திருத்தப்படாத மூலப் பிரேரணை என்று இரண்டு முடிவுகள் நடக்கும். உங்கள் குறிப்பில் ஒன்றுதான் இருந்தால், மற்றதைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். திரும்பிப் போய்த் தேடுங்கள். திருத்தம் தோற்ற இடத்தில் இரண்டாவது முடிவு பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

ஒருத்தரும் எதிர்க்கேல்லை எண்டா "ஏகமனதாக" எண்டு போடலாம்தானே?

மேலே சொன்ன மாதிரியில் 2:26:40 ஐப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் 9 பேர் கை உயர்த்தி எதிர்த்த ஒன்று, இப்போது மறுப்பில்லாமல் போகிறது. தோற்றாயிற்று, இனிச் சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். அதை ஏகமனது என்றால் அந்த ஒன்பது பேருக்கும் செய்யும் அநியாயம்.

தலைமை தாங்கியவரே "ஏகமனதாக நிறைவேறியது" என்று அறிவித்தால், "ஏகமனதாக நிறைவேறியதாகத் தவிசாளர் அறிவித்தார்" என்று எழுதுங்கள். அவர் அப்படிச் சொல்லாத இடத்தில் "வாக்கெடுப்பின்றி ஏற்கப்பட்டது" என்பதே போதும்.

வாக்குகளைக் கூட்டினா வந்த ஆக்களின்ர தொகைக்குச் சரிவரேல்லை. என்ன செய்யிறது?

முதலில் சந்தோஷப்படுங்கள், கூட்டிப் பார்த்திருக்கிறீர்கள். நம்முடைய மாதிரியில் 12, 9, 1 கூட்டினால் 22. வரவில் 23. ஒருவர் எங்கே? வாக்கெடுப்புக்கு முந்திய பத்து நிமிடத்தைத் திரும்பப் பார்த்தால் யாராவது எழும்பிப் போவது பெரும்பாலும் தெரியும். தவிசாளர் தானும் வாக்களித்தாரா என்றும் பாருங்கள். சமநிலை வந்து தலைமை தாங்கியவர் தீர்க்கும் வாக்குப் போட்டிருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இது சின்னக் கணக்கு இல்லை. 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் பாதீடு இரண்டாம் முறையும் தோற்று முதல்வர் ஆர்னோல்ட் பதவி இழந்தபின், அந்த மாத இறுதியில் நடந்த புதிய முதல்வர் தெரிவில் மணிவண்ணனுக்கு 21, ஆர்னோல்ட்டுக்கு 20 வாக்குகள். சபையில் 45 உறுப்பினர்கள். 21–20 என்று மட்டும் எழுதினால், யாருக்கும் வாக்களிக்காத அந்த நான்கு இடங்கள் மறைந்துபோகும். ஒரு வாக்கில் முடிந்த தெரிவில், முடிவைத் தீர்மானித்ததே அந்த நான்கும்தான்.

நடுநிலை, வெளிநடப்பு, அன்று வரவேயில்லை என்ற மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். கதிரையில் இருந்து நடுநிலை என்று சொன்னவர் ஒரு நிலைப்பாடு எடுத்தார். சுகவீனத்தால் வராதவர் எதையும் எடுக்கவில்லை. எது என்று காணொளியில் தெரியாவிட்டால் "வாக்களிக்கவில்லை" என்று எழுதுங்கள், அது எப்போதும் உண்மை.

கமரா வேற பக்கம் பாக்குது, ஆர் கதைக்கிறது எண்டு தெரியேல்லை.

தவிசாளர் பேச அழைக்கும்போது பெயர் சொல்வார், அதுதான் முதல் ஆதாரம். அது இல்லாவிட்டால் அடுத்து வருகிறவரைக் கேளுங்கள். "எனக்கு முதல் கதைச்ச கௌரவ உறுப்பினர் இன்னார்" என்று பலர் தொடங்குவார்கள். இருக்கை ஒழுங்கு பெரும்பாலும் மாறாது. ஆகவே முந்திய அமர்வின் காணொளியில் அந்தக் கதிரையில் யார் என்று பார்க்கலாம். ஆனால் இருக்கையை மட்டும் நம்பிப் பெயர் போடாதீர்கள். குரலும் பொருந்த வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு தெரியாவிட்டால் "பெயர் தெளிவில்லாத ஒரு உறுப்பினர்" என்று விடுங்கள். குறுக்கே கத்துகிறவர்களின் விடயத்தில் இது கட்டாயம். ஒலிவாங்கி இல்லாமல் வந்த ஒரு வசைச்சொல்லைப் பிழையான ஆளின் தலையில் கட்டினால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஒருத்தர் அரை மணித்தியாலம் கதைச்சவர். அவற்ர நிலைப்பாட்டை ஒரு வரியில எப்பிடிச் சொல்லுறது?

மூன்று கேள்வி கேளுங்கள். முன்னால் இருக்கும் பிரேரணைக்கு அவர் ஆதரவா, எதிர்ப்பா? ஏன்? என்ன நிபந்தனை வைத்தார்? இந்த மூன்றுக்கும் பொருந்தாத பகுதியை விட்டுவிடலாம், அது எவ்வளவு சுவையாக இருந்தாலும் சரி. சந்தை விவாதத்தில் ஒருவர் இருபது நிமிடம் வீதி விளக்கைப் பற்றிப் பேசியிருந்தால், சந்தையைப் பற்றி அவர் சொன்ன இரண்டு நிமிடமே அவருடைய நிலைப்பாடு. வீதி விளக்கை "கூறப்பட்டவை" பகுதியில் போடுங்கள்.

தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. "கடைக்காரர் எல்லாம் வாடகை கட்டாத ஆக்கள், அவையளுக்கு நீடிப்புக் குடுக்கக் கூடாது..." என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போவார். நீங்கள் குறித்துவிடுவீர்கள். பத்து வினாடி கழித்து "...எண்டு சில பேர் வெளியில சொல்லித் திரியினம், அது பொய்" என்று முடிப்பார். யாருடைய கருத்து என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியவரும். ஆகவே வாக்கியம் முடியுமட்டும் பேனாவை எடுக்க வேண்டாம். மேற்கோள் போடும்போதும் முழு வாக்கியத்தைப் போடுங்கள். வெட்டி எடுத்த துண்டுக் காணொளிகள் ஊரில் சண்டை மூட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில் வெட்டுவதால்தான்.

கேள்வி மட்டும் கேட்டவருக்கு நிலைப்பாடு ஒட்டாதீர்கள். "இதற்கு எவ்வளவு செலவு?" என்பது எதிர்ப்பு அல்ல. "செலவு விபரம் கேட்டார்" என்று எழுதினால் போதும்.

எதிர்த்துப் பேசிப்போட்டு ஆதரவா வாக்குப் போட்டவர். எது அவற்ர நிலைப்பாடு?

இரண்டும். "திறந்த கேள்வி கோரினால் பழைய வியாபாரிகள் இடமிழப்பார்கள் என்றார், திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்" என்று அடுத்தடுத்து வையுங்கள். கட்சி முடிவா, நடுவில் மனம் மாறினாரா என்று ஊகிக்க வேண்டாம். காரணத்தை அவரே சொன்னால் மட்டும் எழுதுங்கள். கையை உயர்த்தி எண்ணிய வாக்கெடுப்பில் கமராவில் அவர் கை தெரியாவிட்டால், அவர் எப்படி வாக்களித்தார் என்று உரையை வைத்து நிரப்பவும் கூடாது.

பாராளுமன்றம் எண்டா இதே முறைதானோ?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் எந்தக் கட்டத்தில் நடந்த வாக்கு என்பதை எழுதியே ஆக வேண்டும். ஒரு சட்டமூலம் இரண்டாம் வாசிப்பு, குழு நிலை, மூன்றாம் வாசிப்பு என்று போகும். ஊடகத்தில் வரும் எண் பெரும்பாலும் இரண்டாம் வாசிப்பினுடையது. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை எடுங்கள். 2024 ஜனவரி 24 அன்று 108 ஆதரவு, 62 எதிர்ப்பு என்று வந்தது இரண்டாம் வாசிப்பு வாக்கு. அதன் பிறகு குழு நிலையில் திருத்தங்கள் சேர்ந்தன. ஆகவே அந்த 108 பேரும் இறுதி வடிவத்துக்கு வரி வரியாக ஆதரவளித்தார்கள் என்று எழுத முடியாது. 225 இல் 108 உம் 62 உம் போக மீதி 55. அதில் சபாநாயகரும் அடக்கம். வாக்குச் சமமாக வந்தால் ஒழிய அவர் வாக்களிப்பதில்லை. யாழ்ப்பாணத்து வாசகர் தேடுவது தன் மாவட்ட உறுப்பினர் இந்த மூன்றில் எதில் இருக்கிறார் என்பதைத்தான்.

நல்ல விடயம் என்னவென்றால் அங்கே உரைகளை எழுத்தில் பதியும் ஹன்சாட் இருக்கிறது. பெயர் குறிப்பிட்ட வாக்கெடுப்பு நடந்தால் பெயர்ப் பட்டியலே அதில் வரும். குரல் வாக்கில் முடிந்ததற்குப் பட்டியல் கிடையாது, அப்போது எந்தக் கட்சியையும் எந்தப் பக்கத்திலும் சேர்க்க வேண்டாம்.

சிங்களத்தில கதைக்கிறதைத் தமிழில கேட்டு எழுதினா பிழையோ?

உரைபெயர்ப்பாளரின் குரலைக் கேட்டு நிலைப்பாட்டை எழுதலாம், மேற்கோள் குறிக்குள் போடக் கூடாது. அவர் ஓடுகிற பேச்சைத் துரத்திக்கொண்டு சுருக்கிச் சொல்கிறார். அந்தச் சொற்கள் அவருடையவை. எண்களும் பெயர்களும் அதில் விடுபடலாம். ஹன்சாட்டில் ஒவ்வொரு உரையும் பேசிய மொழியிலேயே இருக்கும். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்தப் பந்தியை ஒருமுறை வாசிப்பித்துவிடுங்கள்.

கொம்பியூட்டரே பேச்சை எழுத்தாக்கித் தருதே, அதை வைச்சு எழுதினா நேரம் மிச்சம்தானே?

தேடுவதற்கு நல்லது. "குத்தகை" என்று தேடினால் எந்த நிமிடத்துக்குப் போவது என்று காட்டிவிடும். ஆதாரமாக வைக்க முடியாது. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் அது நிறையத் தடுமாறும். இரண்டு பேர் சேர்ந்து கதைத்தால் ஒருவரை விழுங்கிவிடும். சபை அமைதியாக இருக்கும்போது சொல்லாத வாக்கியத்தைத் தானாகவே திரும்பத் திரும்ப எழுதிவைக்கும் பழக்கமும் உண்டு. வாக்கெடுப்பின்போது எண்ணிக்கொண்டிருக்கும் அமைதியில் இது நடந்தால் கெடுதல் பெரிது. பெயர், எண், "இல்லை" என்ற மூன்றையும் காதால் கேட்டு உறுதிப்படுத்தாமல் எழுத்துப்படியிலிருந்து எடுக்க வேண்டாம்.

வீடியோவை அழிச்சுப்போட்டா நாங்கள் எழுதினதுக்கு என்ன ஆதாரம்?

அமர்வு நடந்த அன்றே ஒரு பிரதி எடுத்துவைப்பதே வழி. 2025 பெப்ரவரியிலிருந்து பேஸ்புக்கில் புதிதாக வரும் நேரலைகள் 30 நாளில் தானாகவே அழிந்துவிடுகின்றன. மாதத்துக்கு ஒரு அமர்வு என்றால், அடுத்த அமர்வில் கூட்டறிக்கை உறுதிப்படுத்தப்படும் வேளை முந்திய காணொளி போயிருக்கக்கூடும். முழுவதையும் வைக்க இடமில்லாவிட்டால் வாக்கெடுப்புப் பகுதிகளையாவது வெட்டி வையுங்கள்:

```
ffmpeg -ss 02:20:30 -to 02:28:00 -i amarvu.mp4 -c copy vaakku.mp4
```

இந்த முறையில் வெட்டு சில வினாடி முன்பின்னாக விழலாம், அதனால் தொடக்கத்தை அரை நிமிடம் முன்னுக்கு வைத்திருக்கிறேன். யூடியூபில் இருக்கிற காணொளி என்றால் முகவரியின் கடைசியில் `&t=8465s` என்று சேர்த்தால் நேராக 2:21:05 க்குப் போகும். ஒவ்வொரு முடிவுக்கும் இந்த இணைப்பைக் கொடுங்கள். ஆனால் நேரலை முடிந்தபின் முன்பகுதியை வெட்டிப் பதிவேற்றினால் எல்லா நேரமும் நகர்ந்துவிடும். வெளியிடுவதற்கு முன் ஒரு இணைப்பையாவது சொடுக்கிப் பாருங்கள்.

கூட்டறிக்கையில ஒண்டு இருக்கு, வீடியோவில வேற ஒண்டு இருக்கு. எதை எழுதுறது?

இது அடிக்கடி நடக்கும். கூட்டறிக்கை அடுத்த அமர்வில் வாசித்து உறுதிப்படுத்தப்படும்போது உறுப்பினர்கள் திருத்தம் சொல்லலாம். உறுதிப்படுத்தப்பட்டபின் சபை தன் பதிவாக வைத்திருப்பது அதையே. ஆகவே அலுவலக நடவடிக்கை எது என்று சொல்லும்போது கூட்டறிக்கையை எழுதுங்கள். அன்று என்ன நடந்தது என்று சொல்லும்போது காணொளியை எழுதுங்கள். வேறுபாடு இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தையும் கொடுங்கள்: "கூட்டறிக்கையில் 13–9, காணொளியில் தவிசாளர் அறிவித்தது 12–9, 1 நடுநிலை (2:21:05)."

நீங்கள் ஏற்கெனவே வெளியிட்ட சுருக்கத்தைப் பிறகு திருத்த வேண்டி வந்தால், பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே திகதியுடன் திருத்தத்தைச் சேர்த்துவிடுங்கள். உறுப்பினர் ஒருவர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று வந்தாலும் இதேதான். அவரோடு சேர்ந்து அந்தப் பகுதியைக் கேளுங்கள். நீங்கள் எழுதியது பிழை என்றால் திருத்துங்கள். சொன்னது அதுதான், ஆனால் கருதியது வேறு என்று அவர் சொன்னால், அவருடைய விளக்கத்தை அவர் பெயரில், சொன்ன திகதியோடு கீழே சேருங்கள். அமர்வில் பேசியதை மாற்ற வேண்டாம்.